ஒரு கலப்பெண் மூலம் தெரிந்தால் மற்ற மூலங்களைக் காண்பது எப்படி?

கேள்வி: 2x⁵ − 5x⁴ + 8x³ + 65x² − 86x + 26 = 0. இதற்கு 2 + 3i ஒரு மூலம் என்று கொடுத்திருக்கிறார்கள். மற்ற நான்கையும் காண வேண்டும். x − (2 + 3i)-ஐ வைத்துத் தொகுமுறை வகுத்தல் போட்டேன். கெழுக்கள் எல்லாம் i-யோடு வந்து, நடுவில் எங்கோ தப்பிவிட்டது. 2 − 3i-யும் மூலம்தான் என்று நண்பன் சொல்கிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. சரியான வழி என்ன?

பதில்:

நீங்கள் போட்ட வழி தவறில்லை, நீளமானது. கணக்கு எங்கே தப்பியது என்று உங்கள் நோட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள்: 2 + 3i-ஐ வைத்துத் தொகுமுறை வகுத்தல் போட்டால் கீழ்வரிசையில் 2, −1 + 6i, −12 + 9i, 14 − 18i, −4 + 6i என்று வந்து கடைசியில் 0 வர வேண்டும். இந்தக் கெழுக்களை அப்படியே எடுத்து 2 − 3i-ஐ வைத்து இன்னொரு முறை வகுத்தால் 2, 3, −6, 2, மீதி 0 என்று வரும். முதல் முறை நுழைந்த i எல்லாம் இரண்டாம் முறை ஒன்றுவிடாமல் கழிந்துபோய்விடுகிறது. கடைசியில் காணாமல் போகப்போகிற i-யை எதற்காக இவ்வளவு தூரம் சுமக்க வேண்டும்? இரண்டு வகுத்தலையும் ஒன்றாக்கி, i நுழையவே இடம் கொடுக்காமல் செய்துவிடலாம்.

அதற்கு 2 + 3i என்ற எண்ணைப் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். x = 2 + 3i என்று எழுதி, 2-ஐ இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள்: x − 2 = 3i. இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் x² − 4x + 4 = −9, அதாவது

x² − 4x + 13 = 0.

வர்க்கப்படுத்தியதும் i போய்விட்டது. கொடுத்த மூலம் நிறைவுசெய்யும் இருபடிச் சமன்பாடு கையில் இருக்கிறது, அதன் கெழுக்கள் எல்லாம் மெய்யெண்கள். பொதுவாக a + bi மூலம் என்றால் இந்தக் கோவை x² − 2ax + (a² + b²) ஆக இருக்கும். சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு முறையும் மேலே செய்ததுபோல வர்க்கப்படுத்தி எழுதுங்கள். மனப்பாடமாக எழுதுகிறவர்களிடம் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒன்று, நடு உறுப்பின் குறி மாறி +4x ஆகிவிடும். மற்றொன்று, 4 + 9 என்று வர வேண்டியது 4 − 9 ஆகி, கடைசி உறுப்பு −5 என்று நிற்கும். (2 + 3i)(2 − 3i) = 4 − 9i² என்பதில் i² = −1 என்பதை மறந்ததன் விளைவு அது.

இனி உங்கள் நண்பனுக்கான விடை. உங்கள் ஐந்துபடிக் கோவையை P(x) என்போம். அதை x² − 4x + 13 ஆல் வகுக்கிறோம். வகுபடும் கோவை, வகுத்தி இரண்டிலும் மெய்யெண் கெழுக்களே இருப்பதால் ஈவிலும் மீதியிலும் மெய்யெண்களே வரும். வகுத்தல் என்பது பெருக்கலும் கழித்தலும்தானே, i எங்கிருந்தும் முளைக்க முடியாது. வகுத்தி இரண்டாம் படி ஆதலால் மீதி அதிகபட்சம் முதற்படி. ஆகவே

P(x) = (x² − 4x + 13) Q(x) + (rx + s)

இதில் r, s மெய்யெண்கள். x = 2 + 3i என்று இடுங்கள். இடப்பக்கம் 0, ஏனென்றால் அது மூலம் என்று கொடுத்துவிட்டார்கள். வலப்பக்கத்தில் முதல் பகுதியும் 0. மிஞ்சுவது r(2 + 3i) + s = 0, அதாவது (2r + s) + 3r·i = 0. ஒரு கலப்பெண் பூச்சியமாக இருக்க வேண்டுமென்றால் அதன் மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் தனித்தனியே பூச்சியமாக வேண்டும். 3r = 0 என்பதால் r = 0; அதனால் s-உம் 0. மீதி இல்லை. x² − 4x + 13 முழுதாக P(x)-ஐ வகுக்கிறது. அதன் இரண்டு மூலங்களும், அதாவது 2 + 3i-யும் 2 − 3i-யும், P(x)-இன் மூலங்கள்.

பாடப் புத்தகங்களில் இதை இன்னொரு விதமாக நிறுவுவார்கள்: P(x) = 0 என்பதன் இரு பக்கமும் இணைக் கலப்பெண் எடுத்தால், கெழுக்கள் மெய்யெண்களாக இருப்பதால் மாறாமல் நிற்கும், x மட்டும் அதன் இணையாக மாறும். இரண்டும் ஒன்றுதான். (இலங்கைப் பாடத்திட்டத்தில் படிக்கிறவர்களுக்கு: கலப்பெண் என்று நான் சொல்வது உங்கள் சிக்கலெண், இணை என்பது உடன்புணரி.) வகுத்தல் வழியாக வரும் நிறுவலை நான் விரும்புவதற்குக் காரணம், அது ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை சொல்லும்போதே ‘அடுத்து என்ன செய்ய வேண்டும்’ என்பதையும் சொல்லிவிடுகிறது. 3r = 0-இலிருந்து r = 0 என்று வந்த இடத்தைக் கவனியுங்கள்; அங்கேதான் கற்பனைப் பகுதி பூச்சியமல்ல என்பது பயன்பட்டது. கெழுக்கள் மெய்யெண்கள் என்பது இல்லாவிட்டால் அந்த வரி நிற்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது வகுத்தல். நீள் வகுத்தலாகவும் செய்யலாம். ஆனால் தொகுமுறை வகுத்தல் பழகிய கைக்கு அதையே இருபடி வகுத்திக்கு நீட்டிக்கொள்வது எளிது. x² = 4x − 13 என்று எழுதினால் 4, −13 என்ற இரண்டு எண்கள் கிடைக்கின்றன. இடப்புறம் ஒரு எண்ணுக்குப் பதில் இந்த இரண்டையும் எழுதி, இரண்டு நடு வரிசைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

```
         2    -5     8    65   -86    26
  4            8    12   -24     8
-13                -26   -39    78   -26
      ------------------------------------
         2     3    -6     2  |  0     0
```

முதல் கெழு 2 அப்படியே கீழே இறங்குகிறது. அதை 4 ஆல் பெருக்கி அடுத்த நிரலில் முதல் நடு வரிசையிலும், −13 ஆல் பெருக்கி அதற்கும் அடுத்த நிரலில் இரண்டாம் நடு வரிசையிலும் எழுதுகிறோம். நிரலைக் கூட்டினால் −5 + 8 = 3. இந்த 3-ஐயும் அதேபோல இரண்டாலும் பெருக்கி, ஒன்று தள்ளியும் இரண்டு தள்ளியும் எழுதுகிறோம். அடுத்த நிரல் 8 + 12 − 26 = −6. அடுத்தது 65 − 24 − 39 = 2. ஈவின் கெழுக்கள் இங்கே முடிகின்றன. வகுத்தி இரண்டாம் படி என்பதால் கடைசி இரண்டு நிரல்களும் மீதிக்கு உரியவை. −86 + 8 + 78 = 0. கடைசி நிரலில் 4-இன் வரிசை வெறுமையாக இருப்பதைக் கவனியுங்கள்; ஈவு முடிந்துவிட்டதால் அங்கே −13-இன் பங்கு மட்டும்தான்: 26 − 26 = 0.

இரண்டு பூச்சியங்கள். இவைதான் உங்கள் சோதனை. மேலே சொன்ன குறித்தவறைச் செய்து −4, −13 என்று வைத்திருந்தால் கீழ்வரிசை 2, −13, 34, 98 என்று ஊதிக்கொண்டே போய், மீதியின் முதல் எண் −920 ஆக வந்து நின்றிருக்கும். கடைசி உறுப்பை −5 என்று எடுத்திருந்தால் 2, 3, 30, 200 என்று ஏறி, அடுத்தது 864. எண்கள் இப்படி வீங்க ஆரம்பித்தால் முடிவுவரை போகவே வேண்டாம். இருபடிக் கோவையைத் திரும்பிப் பாருங்கள். எண்கள் அடக்கமாக வந்து கடைசியில் மட்டும் சிறு மீதி நின்றால், நடுவில் ஒரு கூட்டல் தவறியிருக்கும்.

ஆக Q(x) = 2x³ + 3x² − 6x + 2. மூன்று மூலங்கள் மிச்சம். மெய்யல்லாத மூலங்கள் இரண்டிரண்டாகத்தான் வரும் என்பதால், மூன்றில் ஒன்றாவது மெய்யெண்ணாக இருந்தே தீர வேண்டும். முழு எண் கெழுக்கள் இருப்பதால் முதலில் விகிதமுறு மூலம் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம்: தொகுதி 2-ஐ வகுக்கும் எண்ணாகவும் பகுதியும் 2-ஐ வகுக்கும் எண்ணாகவும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ±1, ±2, ±1/2 என்ற ஆறு எண்கள் மட்டுமே. Q(1) = 1, Q(−1) = 9, Q(2) = 18; எதுவும் ஆகவில்லை. Q(1/2) = 1/4 + 3/4 − 3 + 2 = 0. கிடைத்துவிட்டது.

இங்கே பலர் வழுக்கும் ஓர் இடம் இருக்கிறது. Q(0) = 2, Q(1) = 1; இரண்டும் நேர்ம எண்கள். ‘குறி மாறவில்லை, ஆகவே 0-க்கும் 1-க்கும் நடுவே மூலம் இல்லை’ என்று முடிவுகட்டி, 1/2-ஐச் சோதிக்காமலே விட்டுவிடுவார்கள். குறி மாறினால் நடுவே மூலம் உண்டு என்பது உண்மை. குறி மாறாவிட்டால் மூலம் இல்லை என்பது உண்மையல்ல. கோடு ஒருமுறை கீழே இறங்கி மறுபடி மேலே ஏறியிருக்கலாம். இந்தக் கணக்கில் நடந்தது அதுதான்: 0-க்கும் 1-க்கும் இடையில் ஒன்றல்ல, இரண்டு மூலங்கள் ஒளிந்திருக்கின்றன.

1/2-ஐ வைத்துத் தொகுமுறை வகுத்தல் போட்டால் 2, 4, −4, மீதி 0. மிச்சம் 2x² + 4x − 4 = 0, அதாவது x² + 2x − 2 = 0. தீர்வு −1 ± √3. ஐந்து மூலங்கள்:

2 + 3i, 2 − 3i, 1/2, −1 + √3, −1 − √3.

−1 + √3 ஏறக்குறைய 0.732, ஒளிந்திருந்த இரண்டாவது அதுதான்.

சரிபார்க்க எல்லாவற்றையும் P(x)-இல் இட்டுப் பார்க்க வேண்டியதில்லை. மூலங்களின் கூடுதல், −(x⁴-இன் கெழு) ÷ (x⁵-இன் கெழு), அதாவது 5/2 ஆக வேண்டும்: 4 + 1/2 − 2 = 5/2. பெருக்குத்தொகை, ஒற்றைப்படை படி என்பதால் −26/2 = −13: 13 × 1/2 × (−2) = −13. இரண்டும் பொருந்துகின்றன.

இந்தக் கூடுதல், பெருக்குத்தொகையை வைத்தே சில கணக்குகளை வகுக்காமல் முடித்துவிடலாம். முப்படிச் சமன்பாட்டில் ஒரு கலப்பெண் மூலம் தெரிந்தால், அதன் இணையும் தெரியும்; மூன்றாவது மூலம் கூடுதலிலிருந்து ஒரே வரியில் வந்துவிடும். நாற்படியிலும் இது நடக்கும். x⁴ − 6x³ + 20x² − 22x − 13 = 0-க்கு 2 + 3i ஒரு மூலம் என்றால், மற்ற இரண்டின் கூடுதல் 6 − 4 = 2, பெருக்குத்தொகை −13 ÷ 13 = −1. ஆகவே x² − 2x − 1 = 0, மூலங்கள் 1 ± √2. நேரம் மிச்சம்தான். ஆனால் 20, −22 என்ற இரண்டு கெழுக்களை நாம் தொடவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வினாத்தாளில் 20 என்பது 29 என்று அச்சாகியிருந்தாலும், அல்லது நீங்கள் அப்படிப் பார்த்து எழுதியிருந்தாலும், இந்த வழியில் இதே விடைதான் வரும்; தவறு நடந்தது தெரியவே தெரியாது. அதனால் குறுக்குவழியில் போனால் கடைசியில் x = 1 என்று இட்டு ஒருமுறை பாருங்கள்: கோவை 1 − 6 + 20 − 22 − 13 = −20; காரணிகள் (1 − 4 + 13)(1 − 2 − 1) = 10 × (−2) = −20. அரை நிமிட வேலை.

அடுத்து, மாணவர்கள் பயந்துபோகும் ஒரு நிலை. x⁴ − 4x³ + 14x² − 20x + 25 = 0-க்கு 1 + 2i மூலம் என்று கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். x − 1 = 2i என்பதிலிருந்து x² − 2x + 5. வகுத்தால் மீதி 0. ஈவு மறுபடியும் x² − 2x + 5! வகுத்தியையே ஈவாக எழுதிவிட்டோமோ என்று நினைத்து அடித்துவிட்டு மறுபடி போடுவார்கள். தவறு எதுவும் இல்லை. 1 + 2i இரட்டை மூலம்; அதன் இணையும் அதேபோல இரட்டை மூலம். ஒரு கலப்பெண் மூலம் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை அதன் இணையும் வரும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் காரணியாக வெளியேறுவது அந்த இருபடிக் கோவை முழுதும். ஆகவே ஈவு நான்காம் படி அல்லது அதற்கு மேல் இருந்து, எதுவும் பிடிபடவில்லை என்றால், கையில் இருக்கும் அதே இருபடிக் கோவையால் இன்னொரு முறை வகுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். கெழுக்கள் மெய்யெண்கள் என்பதுதான் இத்தனைக்கும் அடித்தளம். x² − (3 + i)x + (2 + 2i) = 0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதன் மூலங்கள் 2, 1 + i. கூடுதல் 3 + i, பெருக்குத்தொகை 2 + 2i, சரி. 1 − i மூலமா? இட்டுப் பாருங்கள்: −2i − (4 − 2i) + 2 + 2i = −2 + 2i. பூச்சியமல்ல. கெழுவில் ஒரே ஓர் இடத்தில் i இருந்தாலும் இணை மூலம் என்ற உரிமை போய்விடும். அப்படிப்பட்ட கணக்கில் மட்டும், நீங்கள் முதலில் செய்ததுபோல, x − α ஆல் நேராக வகுப்பதே வழி.

கெழுக்கள் விகிதமுறு எண்கள் என்றும் தெரிந்திருந்தால், சில நேரம் ஒரு மூலத்திலிருந்து இணைக்கு மேலும் கிடைக்கும். இதற்கு எடுத்துக்காட்டாக x⁴ + 1 = 0-ஐ எடுத்துக்கொள்கிறேன்; அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1702-இல் லைப்னிட்ஸ், x⁴ + a⁴ என்ற கோவையை மெய்யெண் கெழுக்கள் கொண்ட இருபடிக் காரணிகளாகப் பிரிக்க முடியாது என்று எழுதினார். அவ்வளவு பெரிய அறிஞர் தடுமாறியது, i-யின் வர்க்கமூலமும் a + bi வடிவத்திலேயே இருக்கும் என்பதைக் காணாததால்தான். நமக்கு இன்று அந்த மூலம் தெரியும்: (1 + i)/√2. கூடுதல் √2, பெருக்குத்தொகை 1. ஆகவே x² − √2x + 1. x² = √2x − 1 என்பதால் எண்கள் √2, −1. வகுக்கும்போது x³, x², x உறுப்புகள் இல்லாத இடங்களில் 0 போட மறக்கக்கூடாது. 1, 0, 0, 0, 1 என்று ஐந்து கெழுக்கள் எழுத வேண்டும். கீழ்வரிசை: 1; √2; 2 − 1 = 1; பிறகு √2 − √2 = 0; 1 − 1 = 0. ஈவு x² + √2x + 1. லைப்னிட்ஸ் முடியாது என்றது மூன்று வரியில் முடிந்துவிட்டது:

x⁴ + 1 = (x² − √2x + 1)(x² + √2x + 1).

நான்கு மூலங்களும் (±1 ± i)/√2. மூலக் கோவையின் கெழுக்கள் விகிதமுறு எண்கள், ஆனால் நாம் பிரித்த காரணியில் √2 இருக்கிறது. அது √2 உள்ள காரணியாக வந்ததும், √2-க்குப் பதில் −√2 இட்ட காரணியும் கூடவே வந்தது. i-க்கு −i எப்படி இணையோ, விகிதமுறு கெழுக்கள் இருக்கும்போது √2-க்கு −√2 அப்படி இணை. இதனால்தான் வினாவில் ‘மெய்யெண் கெழுக்கள்’ என்றிருக்கிறதா, ‘விகிதமுறு கெழுக்கள்’ என்றிருக்கிறதா என்று நின்று படிக்க வேண்டும். ‘(1 + i)/√2-ஐ மூலமாகக் கொண்ட மிகக் குறைந்த படியுள்ள கோவை எது’ என்று கேட்டால், முதல் நிபந்தனைக்கு விடை இருபடி, இரண்டாவதற்கு நாற்படி.

பின்னர் 1742-இல் ஆய்லர், மெய்யெண் கெழுக்கள் கொண்ட எந்தக் கோவையும் முதற்படி, இருபடி மெய்க்காரணிகளாகப் பிரியும் என்று கடிதத்தில் எழுதினார். 1799-இல் காஸ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நிறுவ எடுத்துக்கொண்டதும் இதே வடிவத்தில்தான். ‘ஒவ்வொரு கோவைக்கும் கலப்பெண் மூலம் உண்டு’ என்று இன்று நாம் சொல்வதை அவர்கள் இருபடிக் காரணிகளின் மொழியில் சொன்னார்கள். உங்கள் கணக்கையும் நான் அதே மொழியில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஒன்று மட்டும் மிச்சம். தேர்வுத்தாளில் 2 + 3i என்று முழு எண்ணாகக் கொடுப்பார்கள். பொறியியலிலோ ஆய்வகத்திலோ கிடைக்கும் மூலம் தசமத்தில், கொஞ்சம் பிழையோடு வரும். அந்தப் பிழை என்ன செய்யும் என்பதை உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம். 2 + 3i-க்குப் பதில் 2 + 3.01i என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒரு பங்கு பிழை. இருபடிக் கோவை x² − 4x + 13.0601. வகுத்தால் ஈவு ஏறக்குறைய 2x³ + 3x² − 6.1202x + 1.3389. 2 என்றிருக்க வேண்டிய கடைசி உறுப்பு 1.34 ஆகிவிட்டது. மீதியும் −0.71x + 8.5 என்று நிற்கிறது. இந்த ஈவைத் தீர்த்தால் 0.5 இருக்க வேண்டிய இடத்தில் 0.26-உம், 0.732 இருக்க வேண்டிய இடத்தில் 0.96-உம் வருகின்றன. 0.01 பிழை 0.24 ஆகப் பெருகிவிட்டது! ஒவ்வொரு நிரலிலும் பிழை 4 ஆலும் 13 ஆலும் பெருக்கப்பட்டுக் கீழே இறங்குவது ஒரு காரணம், 0.5-உம் 0.732-உம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இன்னொரு காரணம். நெருங்கிய இரு மூலங்கள் கெழுக்களின் சிறு அசைவுக்கும் பெரிதாக நகரும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு இடத்தில் செய்யலாம். வகுப்பதற்கு முன்பே, மீதியின் இரண்டு எண்களும் பூச்சியத்தை நெருங்கும்வரை இருபடிக் கோவையின் கெழுக்களைத் திருத்திக்கொண்டே போகலாம். விமானவியல் அறிஞர் லியோனார்ட் பேர்ஸ்டோ 1920-இல் வெளியிட்ட முறை இதுதான். கலப்பெண் மூலங்களைக் காண்பதற்கு மெய்யெண் கணக்கு மட்டுமே போதும் என்பது அதன் சிறப்பு. நாம் மேலே போட்ட இருவரிசை வகுத்தல்தான் அதன் உள்ளே ஓடுகிறது. அல்லது, வகுத்துக் கிடைத்த மூலத்தை எடுத்துக்கொண்டு நியூட்டன் முறையில் திருத்தலாம். அப்படித் திருத்தும்போது ஈவில் இட்டுத் திருத்தக்கூடாது. ஈவு ஏற்கெனவே கெட்டுப்போனது, அதில் 0.26 சரியான மூலம்தான். முதலில் இருந்த P(x)-இல் இட்டுத் திருத்த வேண்டும். 0.26-இல் தொடங்கி x − P(x)/P′(x) என்று போனால் 0.42, 0.484, 0.499 என்று மூன்றே படியில் 0.5-ஐ நெருங்கிவிடுகிறது.

கணினியில் சரிபார்க்க வேண்டுமென்றால் பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
import numpy as np
P = [2, -5, 8, 65, -86, 26]
q, r = np.polydiv(P, [1, -4, 13])
print(q, r)
print(np.roots(P))
```

`q` உங்கள் முப்படிக் கோவையின் கெழுக்களைக் காட்டும், `r` பூச்சியமாக வர வேண்டும். `np.roots` ஐந்து மூலங்களையும் தசமத்தில் தரும். கடைசி இலக்கங்களில் சிறு பிசகு இருக்கலாம், 0.5-க்குப் பதில் 0.49999… என்று வந்தால் கலங்க வேண்டாம், 1/2-ஐ P(x)-இல் கையால் இட்டுப் பார்த்தால் துல்லியமாக 0 வருகிறதா என்பது தெரிந்துவிடும்.